கவர் லெட்டரில் ஒரு வரி சிரிப்பு: எந்தக் கம்பெனிக்கு வைக்கலாம், எதற்கு எடுத்துவிடலாம்?

"திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலை மாறப் பார்க்கிறேன். பெங்களூரில் ஐரோப்பிய பிராண்டு ஒன்றின் பையிங் ஆஃபீஸ், சென்னையில் குழந்தைகள் ஆடை விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கம்பெனி, கோவையில் ஒரு குடும்ப மில், மூன்றுக்கும் அப்ளை செய்கிறேன். பையரின் ஒப்புதலுக்காகச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரிக்கு லேப் டிப் என்று பெயர். எனக்கு நடந்த ஒரு லேப் டிப் கதையைக் கொஞ்சம் சிரிப்பாக கவர் லெட்டரில் எழுதியிருக்கிறேன். தோழி சூப்பர் என்கிறாள், அண்ணன் அதை எடுத்துவிடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

உங்கள் தோழி சொல்வது சென்னைக் கம்பெனிக்குச் சரி. அண்ணன் சொல்வது கோவை மில்லுக்கும் பெங்களூருக்கும் சரி. ஆனால் அங்கெல்லாம் எடுக்க வேண்டியது சிரிப்பை மட்டும்தான், கதையை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதையையும் சிரிப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். வேலையில் நடந்த, வேலைத் திறமையைக் காட்டும் கதை எங்கேயும் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து சிரிப்பில்தான் வருகிறது. அதிலும், யார் மேல் அந்தச் சிரிப்பு விழுகிறது என்பதில் வருகிறது. நீங்கள் அனுப்பிய பத்தி இது (கடிதம் ஆங்கிலத்தில் போகப் போகிறது, விஷயத்துக்காகத் தமிழிலேயே பார்ப்போம்):

"இரண்டு முறை லேப் டிப் ரிஜெக்ட் ஆனது. எங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் ஷேடு அச்சு அசலாக இருந்தது, பையருக்கு மட்டும் சிவப்படித்தது. பையருக்குக் கண்ணில் கோளாறு என்றே நினைத்தோம். கேட்டபிறகுதான் அவர்கள் கடை வெளிச்சமான டிஎல்84 விளக்கில் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. டையிங் மாஸ்டருக்கு இது புரியவே இல்லை, நான்தான் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். மூன்றாவது டிப் ஓகே. இப்போதெல்லாம் ஜவுளிக்கடையில் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடுகிறேன். திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று கடைக்காரர் பின்னாலேயே வருகிறார்."

கதை அருமையான கதை. பகல் வெளிச்சத்துக்குச் சமமான டி65 விளக்கில் பொருந்தும் ஷேடு, டிஎல்84இல் விலகிப் போவது சாயத் தொழிலில் நிஜமான தலைவலி. சாயக் கலவையை மாற்றினால்தான் சரியாகும். இதைத் தானே கேட்டுக் கண்டுபிடித்த மெர்ச்சண்டைசர் என்றால் யாரும் ஒரு நிமிடம் நின்று படிப்பார்கள்.

ஆனால் இந்தச் சின்னப் பத்தியில் மூன்று சிரிப்புகள் இருக்கின்றன. பையரின் கண் மேல் ஒன்று, டையிங் மாஸ்டர் மேல் ஒன்று, உங்கள் மேலேயே ஒன்று. முதல் இரண்டும் அங்கே இல்லாத இன்னொருவரை வைத்து வரும் சிரிப்பு. தோழியிடம் சொல்லும்போது அது உறுத்தாது, உங்கள் குரலும் முகமும் கூடவே இருக்கின்றன. காகிதத்தில் அவை இல்லை. அமெரிக்காவில் ஜஸ்டின் க்ரூகர், நிகோலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: மின்னஞ்சலில் தாங்கள் கிண்டலாக எழுதியதைப் படிப்பவர் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பிய அளவுக்கு, படித்தவர்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால்தான்.

இப்போது பெங்களூர். பையிங் ஆஃபீஸில் கடிதத்தைப் படிப்பவர் யார்? முதலில் கன்சல்டன்சியோ எச்ஆரோ படிப்பார்கள். அவர்களுக்கு டிஎல்84 தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, அனுபவமும் பிராடக்ட் வகையும் பொருந்துகிறதா என்று பார்த்து மேலே அனுப்புவார்கள். அடுத்து மெர்ச்சண்டைசிங் மேனேஜர். சில இடங்களில் அதற்கும் மேலே, ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் சோர்ஸிங் ஆள். அவர்கள் எல்லோருமே பையர் பக்கத்து ஆட்கள். "பையருக்குக் கண்ணில் கோளாறு" என்ற வரி நேராக அவர்கள் மேலேயே போய் விழுகிறது. சப்ளையர்கள் தங்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு அது ஒரு சாம்பிள் போல ஆகிவிடும். அந்த வரி கட்டாயம் போக வேண்டும்.

புடவை வரி? அது உங்கள் மேல் விழும் சிரிப்பு, யாரையும் குத்தவில்லை. பெங்களூர் மேனேஜர் புன்னகைப்பார். ஐரோப்பாவில் இருப்பவருக்குப் புடவைக் கடை வாசல் என்றால் என்னவென்றே தெரியாது. கடிதம் எத்தனை கை மாறுமோ, அத்தனை கைக்கும் புரியாத சிரிப்பை எடுத்துவிடுவதே நல்லது. அதனால் இங்கே கதை மட்டும், நேராக: இரண்டு முறை ரிஜெக்ட், எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்று கேட்டது, கலவையை மாற்றியது, மூன்றாவது ஓகே, அதன்பின் ஒவ்வொரு ஆர்டர் ஷீட்டிலும் லைட் சோர்ஸுக்கு ஒரு தனிக் கட்டம் சேர்த்தது. கடைசியில் சொன்ன அந்தக் கட்டம் உங்கள் பத்தியில் இல்லை, உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு மூலையில் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவாருங்கள். ஒரு தடவை சமாளித்தது கதை, மறுபடி நடக்காமல் செய்ததுதான் தகுதி. பழைய பையரின் பெயர், ஸ்டைல் நம்பர், ஆர்டர் அளவு எதுவும் வேண்டாம். போட்டி பிராண்டின் விஷயத்தை வெளியே சொல்பவர் நாளை நம்முடையதையும் சொல்வார் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

சென்னைக் கம்பெனி வேறு மாதிரி. சின்ன டீம், அப்ளிகேஷனை ஃபவுண்டரே படிக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஸ்டார்ட்அப் என்ற ஒரே காரணத்துக்காகச் சிரிப்பை வைக்காதீர்கள். விளம்பரத்தில் "ஜாலியான டீம்" என்று எழுதியிருப்பதும் ஆதாரம் ஆகாது, அதை எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்கள் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு ஃபிராக்குக்குக் கீழே என்ன விவரம் எழுதியிருக்கிறார்கள், ரிட்டர்ன் பாலிசியை எந்தத் தொனியில் சொல்கிறார்கள், கோபமாக ரிவ்யூ போட்ட அம்மாவுக்கு என்ன பதில் கொடுத்தார்கள். சொந்தப் பணம் போகும் இடத்திலும் இலகுவாக எழுதுகிறார்கள் என்றால், உங்கள் இலகுவையும் ரசிப்பார்கள். அங்கே மட்டும் விறைப்பாகச் சட்டம் பேசினால், விளம்பரத்தில் இருந்த ஜாலி மேல்பூச்சு என்று எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு எழுதிய மாதிரியே எழுதுங்கள்.

இலகுவாக எழுதுபவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது புடவை வரி இங்கே நன்றாக வேலை செய்யும், காரணம் சிரிப்பு மட்டும் இல்லை. ஆன்லைனில் துணி விற்பவருக்கு "போட்டோவில் பார்த்த கலர் இல்லை" என்று திரும்பி வரும் பார்சல்தான் பெரிய வலி. இப்படி எழுதலாம்: "இப்போதும் புடவை எடுக்கப் போனால் வாசல் வெளிச்சத்தில் பார்க்காமல் நான் பில் போடுவதில்லை. உங்கள் வாடிக்கையாளருக்கு அந்த வாசல் கிடையாது, போட்டோ மட்டும்தான். அந்த இடத்தில் நான் உதவ முடியும்." சிரிப்பு வந்து, அது நேராக அவர்கள் பிரச்சினைக்குள் இறங்கிவிடுகிறது. திருட்டு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். விளையாட்டுக்குத்தான் எழுதினீர்கள், ஆனாலும் அறிமுகம் இல்லாதவரின் மனதில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் எதற்கு?

கோவை மில்லுக்கு வருவோம். குடும்ப நிறுவனங்களில் கடிதம் பெரும்பாலும் ஜிஎம் வழியாக, பிரிண்ட் எடுத்து, முதலாளி மேசைக்குப் போகும். சில நேரம் மகன் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுப்பார். மகனுக்குப் பிடித்தது அப்பாவுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. அங்கே கதை இருக்கட்டும், சிரிப்பு வேண்டாம். டையிங் மாஸ்டருக்குப் பாடம் எடுத்த வரி இங்கேதான் மிகவும் ஆபத்து. அந்த மில்லுக்கே டையிங் யூனிட் இருந்தால், முதலாளி நினைவில் உடனே வருவது இருபது முப்பது வருடமாக அவரோடு இருக்கும் மாஸ்டர்தான். இந்தப் பெண் வந்து அவரோடு எப்படி ஒத்துப்போவார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். கலவையை மாற்றியது கடைசியில் அவர்தானே? "டையிங் மாஸ்டருடன் உட்கார்ந்து கலவையை மாற்றி" என்று எழுதினால் நடந்ததற்கும் அதுதான் நெருக்கம்.

 

சென்னைக் கடிதத்தில் சிரிப்பை எங்கே வைப்பது என்றும் பார்த்துவிடுவோம். முதல் வரியில் வேண்டாம். ஃபோனில் மெயில் பார்ப்பவருக்குத் திறப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரிதான் தெரியும். அதில் நீங்கள் யார், எந்த வேலைக்கு என்பது இருக்கட்டும். கடைசி வரியிலும் வேண்டாம். நடுவில், கதை முடிந்த கையோடு, ஒரே ஒரு வாக்கியம். பக்கத்தில் ஆச்சரியக்குறியோ சிரிக்கும் பொம்மையோ போடாதீர்கள், இதைப் பார்த்துச் சிரியுங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பது போல் இருக்கும். பிறகு அந்த வாக்கியத்தை அழித்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பாருங்கள். பத்தி அப்படியே நின்றால் சிரிப்பை மறுபடி சேர்க்கலாம். விழுந்துவிட்டால், உங்கள் கடிதத்தில் சொல்வதற்கு இன்னும் விஷயம் வேண்டும் என்று அர்த்தம்.

அப்புறம் அண்ணனுக்கு ஒரு வேலை கொடுங்கள். கடிதத்தை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், செய்தி வாசிப்பது போல் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வந்ததா என்று கேட்க வேண்டாம். "இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவர் என்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். "கலர் விஷயத்தில் விடமாட்டாள்" என்று பதில் வந்தால் அனுப்பலாம். "நல்லா பேசுவாள்" என்று மட்டும் வந்தால், கதையில் வேலை குறைந்து பேச்சு கூடிவிட்டது, திருத்த வேண்டும்.

மூன்று கடிதங்களையும் கம்பெனி பெயர் போட்டுத் தனித்தனி ஃபைலாக வையுங்கள். இன்டர்வியூவில் இந்தக் கதையைத்தான் முதலில் கேட்பார்கள். புடவை வரி இல்லாத கடிதம் போன பெங்களூரிலும், எதிரில் இருப்பவர் தானாகச் சிரித்துப் பேசினால் அங்கே வாயால் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் தயார் செய்துகொண்டு போங்கள்: ஒரே ஷேடு இரண்டு விளக்கில் ஏன் இரண்டாகத் தெரிகிறது, உங்கள் டையிங் யூனிட்டில் எந்தச் சாயத்தை மாற்றிச் சரிசெய்தீர்கள் என்று விஷயம் தெரிந்தவர் ஒருவர் அடுத்த கேள்வியாகக் கேட்பார். மாஸ்டரிடம் இந்த வாரமே பேசி, அந்தப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.