நடுவில் மாறிப்போகும் பக்க எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

412 பக்கமுள்ள ஒரு ஸ்கேன் பிடிஎஃப் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அச்சில் 1 என்றுள்ள பக்கம் கோப்பில் 19ஆவதாக வருகிறது. அதனால் பொருளடக்கத்தில் உள்ள எண்களோடு 18ஐக் கூட்டி, பிடிஎஃப் பிரிக்கும் qpdf நிரலில் கொடுத்தேன். முதல் இரண்டு அத்தியாயங்கள் சரியாக வந்தன. மூன்றாவது (அச்சில் 59 முதல் 101 வரை) ஐந்து புகைப்படப் பக்கங்களோடு நின்றுவிட்டது. நான்காவது மூன்று புகைப்படப் பக்கங்களோடு தொடங்கி, பிறகு மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி ஐந்து பக்கங்கள் வருகின்றன. அச்சில் கடைசி எண் 380 என்பதால் கடைசிக் கோப்பை 398இல் முடித்தேன். எங்கே தவறு? இன்னொன்று: ஒவ்வொரு சிறு கோப்பைத் திறந்தாலும் இடப்பக்கம் முழுப் புத்தகத்தின் அத்தியாயப் பட்டியலும் தெரிகிறது. அதை எப்படி நீக்குவது?

வ.

அன்புள்ள வ.,

உங்கள் கூட்டல் சரிதான். 18 என்ற வித்தியாசம் கடைசிப் பக்கம் வரை மாறாது என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். தலைப்புப் பக்கம், பதிப்புரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து முன்னால் 18 பக்கம் இருக்கின்றன, அது முதல் வித்தியாசம். புகைப்படத் தாள்களைத் தனியாக அச்சடித்து நடுவில் சேர்த்துக் கட்டும்போது அவற்றுக்கு எண் போடுவதில்லை. அச்சு எண் அவற்றைத் தாண்டி அடுத்த எண்ணுக்குப் போய்விடும். பிடிஎஃப் ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக எண்ணும். அந்த இடத்துக்குப் பிறகு வித்தியாசம் 18 ஆக இருக்க வழியில்லை.

எவ்வளவு என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நான்காம் அத்தியாயம் தொடங்குவதற்கு முன் அந்தக் கோப்பில் எத்தனை வேற்றுப் பக்கங்கள்? மூன்று படம், ஐந்து எழுத்துப் பக்கம், ஆக 8. அவ்வளவு தூரம் முன்னதாகவே வெட்டியிருக்கிறீர்கள். படங்களின் எண்ணிக்கையும் அதேதான்: மூன்றாவதில் 5, நான்காவதில் 3. இரண்டு கணக்கும் ஒத்துப்போவதால் சந்தேகம் வேண்டாம். இடத்தையும் சொல்லிவிடலாம். உங்கள் மூன்றாம் கோப்பு 119இல் முடிந்தது, அதன் கடைசி ஐந்தும் படங்கள். அப்படியானால் படங்கள் 115இல் தொடங்கி 122இல் முடிகின்றன. அச்சில் 96 என்றிருப்பது 114ஆவது பக்கம், 97 என்றிருப்பது 123ஆவது பக்கம். இதற்குப் பிறகு கூட்ட வேண்டியது 26.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் இரண்டு எண்ணும் தேவைப்படுகின்றன. தொடக்கத்துக்குப் பழைய 18: 59 + 18 = 77. முடிவுக்குப் புதிய 26: 101 + 26 = 127. அச்சில் 102 முதல் 140 வரையுள்ள நான்காம் அத்தியாயம் 128 முதல் 166 வரை. மூன்றாவதில் 51 பக்கம் வரும். எழுத்து 43, படம் 8, சரியாக இருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசிக் கோப்பு. 398ஆம் பக்கத்தைத் திறந்து கீழே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 372 என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 373 முதல் 380 வரையுள்ள எட்டுப் பக்கங்கள் உங்கள் கோப்புகள் எதிலுமே இல்லை. நடுவில் நடந்த தவறு கண்ணில் பட்டுவிடும். இது படாது, ஏனென்றால் அதற்குப் பிறகு கோப்பே கிடையாது. ஒரு முறை வாசிப்புக் குழுவுக்காக நான் பிரித்துக் கொடுத்த புத்தகத்திலும் இப்படித்தான் ஆனது. கடைசி அத்தியாயம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது என்று ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டிருந்தேன்.

அதனால் இப்போதெல்லாம் வெட்டுவதற்கு முன் இரண்டு இடத்தில் வித்தியாசத்தைப் பார்த்துவிடுகிறேன்: அச்சில் 1 உள்ள பக்கம், அச்சில் கடைசி எண் உள்ள பக்கம். உங்கள் புத்தகத்தில் 380 என்பது 406ஆவது பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் 26. முதல் வித்தியாசத்துக்கும் இதற்கும் இடையே உள்ள 8, அந்தப் படங்களால் வந்தது. அவ்வளவுதான், வேறு இடத்தில் தேட வேண்டாம். 26க்குப் பதிலாக 27 வந்தால் ஏதோ ஒரு பக்கத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்திருக்கலாம். 24 வந்தால் நிலைமை மோசம். இரண்டு தாள்கள் ஒட்டிப் புரண்டு இரண்டு பக்கம் விடுபட்டிருக்கக்கூடும், அதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. இடத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வித்தியாசத்தைப் பாருங்கள். சரியாக இருந்தால் பிசகு அதற்குப் பின்னால், இல்லையென்றால் முன்னால். இப்படிப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் 400 பக்கத்தில் எட்டு, ஒன்பது முறைக்குள் சிக்கிவிடும்.

சில பிடிஎஃப்களில் அச்சு எண்ணையே கோப்புக்குள் பதிந்து வைத்திருப்பார்கள். அவற்றைத் திறந்தால் மேலே 97 என்றும் அருகில் அடைப்புக்குறிக்குள் 123 / 412 என்றும் காட்டும். qpdf-க்கு வேண்டியது அந்த 123தான்.

அப்புறம் அந்த அத்தியாயப் பட்டியல். கட்டளையின் தொடக்கத்தில் மூலக்கோப்பின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது பக்கங்கள் மட்டும் வராமல், மூலக்கோப்புக்கு உரிய புத்தகக்குறிகளும் கூடவே வந்துவிடும். வெற்றுக் கோப்பில் தொடங்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்:

```
qpdf --empty --pages book.pdf 77-127 -- 03.pdf
qpdf --empty --pages book.pdf 128-166 -- 04.pdf
```

பெயரில் 03, 04 என்று பூஜ்ஜியம் சேர்த்தால் 10ஆம் அத்தியாயம் 2க்கு முன்னால் போய் நிற்காது. முன்னுள்ள 18 பக்கங்களையும் 00.pdf என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருளடக்கம் அதில்தானே இருக்கிறது. 406க்குப் பின்னுள்ள ஆறு பக்கங்களை அப்படியே கடைசிக் கோப்போடு சேர்த்துவிடலாம். கடைசிப் பக்கத்துக்கு எண்ணுக்குப் பதில் `z` என்று கொடுத்தால் போதும்.

பிரித்து முடித்ததும் ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை பக்கம் என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள்:

```
qpdf --show-npages 03.pdf
```

மொத்தம் 412 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ பக்கம் விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு கோப்பில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும் புத்தகங்களில், அந்தப் பக்கத்தை இரண்டிலும் வைப்பதுதான் முறை. அங்கே அதற்கேற்பக் கூடுதலாக வரும். ஆனால் 412 வந்துவிட்டது என்பதற்காக வெட்டு சரி என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கடைசிக் கோப்பை 398க்குப் பதில் 412 வரை நீட்டியிருந்தால், மூன்றாம் அத்தியாயத்தின் முடிவிலிருந்து எல்லா வெட்டும் எட்டுப் பக்கம் பிசகியிருக்கும்போதே கூட்டல் சரியாக வந்திருக்கும். ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். முதல் பக்கத்தில் அத்தியாயத் தலைப்பு இருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்திருக்க வேண்டும்.