ஒற்றைப் பிளவில் பாதை வேறுபாடு λ ஆனால் ஏன் இருள்?

கேள்வி: இரட்டைப் பிளவில் பாதை வேறுபாடு λ ஆனால் ஒளிப்பட்டை கிடைக்கிறது. ஒற்றைப் பிளவில் அதே λ-வுக்குச் சிறுமம் என்கிறார்கள். ஏன்? பிளவைக் குறுக்கினால் மையப் பட்டை எதற்காக அகல வேண்டும்?

பதில்: இரண்டு இடங்களிலும் λ ஒரே பொருளில் வருவதில்லை. இரட்டைப் பிளவில் அது இரு மூலங்களுக்கு இடையேயான பாதை வேறுபாடு. ஒற்றைப் பிளவிலோ பிளவின் மேல் ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் வரும் அலைகளுக்கு இடையேயான வேறுபாடு. அந்த இரு ஓரங்களுக்கு நடுவே எண்ணற்ற புள்ளிகள் ஒளியை அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

a அகலமுள்ள பிளவை மேல் பாதி, கீழ் பாதி என மனத்தளவில் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் பாதியிலுள்ள எந்தப் புள்ளிக்கும் அதிலிருந்து சரியாக a/2 கீழே ஓர் இணைப்புள்ளி உண்டு. ஓரங்களுக்கு இடையே வேறுபாடு λ ஆகும் திசையில், இந்த இணைகள் ஒவ்வொன்றுக்கும் இடையே வேறுபாடு λ/2 ஆகிறது; ஆகவே இணை இணையாக எல்லா அலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதுவே முதல் சிறுமம்: a sin θ = λ. வேறுபாடு 2λ ஆனால் பிளவை நான்காகப் பிரித்து இதே வாதத்தைச் சொல்லலாம். 1.5λ-வுக்கு அருகில் மூன்றில் இரு பங்கு தமக்குள் அழிந்து ஒரு பங்கு மட்டும் எஞ்சுவதால்தான், முதல் துணைப் பெருமத்தின் செறிவு மையத்தில் உள்ளதில் ஏறத்தாழ 4.7 சதவீதமாகவே இருக்கிறது.

இரண்டாம் கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஓரங்களுக்கு இடையே ஒரு முழு அலைநீள வேறுபாடு வர வேண்டுமானால், குறுகிய பிளவில் திசை அதிகம் சாய வேண்டும். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், 0.1 மில்லிமீட்டர் பிளவு, 2 மீட்டர் தொலைவில் திரை என்று கொண்டால், முதல் சிறுமம் மையத்திலிருந்து λD/a = 13 மில்லிமீட்டரில் விழும்; மையப் பட்டையின் முழு அகலம் அதன் இருமடங்கு, அதாவது 26 மில்லிமீட்டர். பிளவை 0.05 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 52 ஆகிவிடும். உள்ளே வரும் ஒளி பாதியாகி, அதுவும் இருமடங்கு அகலத்தில் பரவுவதால், மையச் செறிவு கால் பங்காகக் குறைகிறது.

மாணவனாக இருந்தபோது நான் அந்த முழு அகலத்தையே λD/a என்று எடுத்துக்கொண்டு, பிளவின் அகலம் பாதியாக வருகிறதே என்று விழித்திருக்கிறேன். பக்கத்துப் பட்டைகளின் அகலம் 13 மில்லிமீட்டர்தான் என்பதைப் பார்த்திருந்தால் பிழை உடனே தெரிந்திருக்கும். இடப்புற மூன்றாம் சிறுமத்திலிருந்து வலப்புற மூன்றாம் சிறுமம் வரையுள்ள 78 மில்லிமீட்டரை அளந்து 6-ஆல் வகுப்பதே நல்ல வழி. சிறுமத்தின் இடத்தைக் கண்ணால் குறிப்பதில் நேரும் பிழையும் 6-ஆல் வகுபட்டுவிடும்.

λD/a என்பது கோணம் சிறியதாக இருக்கும்வரைதான் செல்லும். a-வின் மதிப்பு λ-வை நெருங்கும்போது முதல் சிறுமம் 90 பாகையை நோக்கி நகர்கிறது. அதற்கும் குறுகினால் sin θ ஒன்றைத் தாண்ட வேண்டியிருப்பதால், திரையில் எங்கு தேடினாலும் சிறுமமே இருக்காது.