சீனியருடன் காபி: பில் யார் கொடுப்பது?

“காலேஜ் சீனியர் ஒருவர், இப்போது பெரிய மேனேஜர், காபிக்கு வரச் சம்மதித்திருக்கிறார். எங்கே கூப்பிடுவது, பில் யார் கொடுப்பது, வேலையைப் பற்றி எப்படிக் கேட்பது?”

அவர் ஆபீஸ் பக்கத்திலேயே, சர்வர் வந்து பரிமாறும் ஓட்டலாகப் பாருங்கள். மாலை 4 மணி சரி. மதியம் என்றால் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் வந்து நிற்பார்.

கூப்பிட்டது நீங்கள், அதனால் பில் உங்களுடையது. கொஞ்சம் முன்னதாகப் போய், பில்லை உங்களிடமே தரச் சொல்லி சர்வரிடம் சொல்லிவையுங்கள். “நீ சும்மா இருப்பா” என்று அவர் பர்ஸை எடுத்தால் ஒருமுறை மறுத்துப் பாருங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். கல்லாவில் நின்று இழுபறி செய்தால் அவருக்குத்தான் சங்கடம்.

காபி வரும்வரை காலேஜ் கதை போதும். பிறகு, “உங்க டீமுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் எதைப் பார்ப்பீங்க சார்?” என்று கேளுங்கள். ரெஸ்யூமேயை நீங்களாக நீட்டாதீர்கள். “அனுப்பு” என்று அவர் சொன்னால் அன்றிரவே அனுப்புங்கள்.