வளையலின் வயது ஒட்டிய இடத்தில் இருக்கிறது

"என் பாட்டி 1950களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் சிங்கப்பூருக்கு வந்தவர். அவர் விட்டுச்சென்ற பிஸ்கட் டப்பாவில் பதினாறு கண்ணாடி வளையல்களும் மூன்று அரக்கு வளையல்களும் இருக்கின்றன. பழம்பொருள் வாங்கும் ஒருவர் பார்த்துவிட்டு, நிறத்தை வைத்தே எல்லாம் நூறாண்டுப் பொருள் என்று சொல்லி மொத்தமாக விலை கேட்கிறார். எவ்வளவு பழையவை என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? விற்கலாமா?"
— வாசகி, ஈசூன்

இப்போதைக்கு விற்காதீர்கள். ஒரு டப்பாவை மொத்தமாகக் கேட்பவருக்குப் பெரும்பாலும் அதில் ஒன்றிரண்டுதான் வேண்டியிருக்கும். அவை எவை என்று அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வளையல்களைக் கழுவவும் வேண்டாம். இடுக்குகளில் தங்கியிருக்கும் மஞ்சள், எண்ணெய், சோப்புப் படிவு ஆகியவையும் சாட்சிகள்.

நிறத்தை வைத்து வயது சொல்பவரை நான் நம்புவதில்லை. கோபால்ட் தரும் நீலமும், செம்பும் இரும்பும் தரும் பச்சையும் பல நூற்றாண்டுகளாக இருப்பவை. நேற்று உலையிலிருந்து வந்த வளையலிலும் அதே பச்சை இருக்கும். ஆகவே முதலில் வளையல் எப்படி வட்டமானது என்று பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வளையலைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள்.

உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் இன்றும் நடக்கும் வேலையைத் தெரிந்துகொண்டால் லென்ஸில் தெரிவது புரியும். உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து, சுழலும் உருளையின்மேல் சுருள் கம்பிபோலச் சுற்றுகிறார்கள். அந்தச் சுருளை நீளவாக்கில் கீறி அறுத்தால் வாய் திறந்த வளையங்கள் கிடைக்கின்றன. சுருளிலிருந்து வந்ததால் ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சற்று விலகியே நிற்கும். சூடு காட்டி அவற்றை நேராக்கி, பிறகு சிறு தீநாக்கில் முனைகளை உருக்கி ஒட்டுகிறார்கள். இந்த வேலையில் பெரும்பகுதி வீடுகளில் நடக்கிறது.

இப்படி ஒட்டிய இடம் ஓரங்குலத்துக்கும் குறைவான பகுதிதான் என்றாலும், எளிதில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடிக்குள் முடிபோல் ஓடும் கோடுகளும் நீண்ட குமிழிகளும் வட்டத்தைத் தொடர்ந்து வந்து, அங்கே மட்டும் குழம்பி நிற்கும். நகத்தால் தடவினால் ஒரு சிறு மேடு தட்டும். அவசரமாக ஒட்டியதில் இரு முனைகளும் படி இறங்கியதுபோல் பொருந்தாமல் இருக்கும். டப்பாவிலுள்ள வளையல்களில் இந்த அடையாளம் இருந்து, வேறு சிறப்பும் இல்லையென்றால், அவை 20ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் விற்ற சாதாரண வளையல்கள் என்றே கொள்ளுங்கள். உங்கள் பாட்டி கப்பல் ஏறிய காலத்துக்கும் அது பொருந்தும்.

ஒட்டே தெரியாத வளையல் இருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று அச்சு. அச்சில் அழுத்திய வளையலில் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும்; பட்டைகளின் முனைகள் மழுங்கி இருக்கும். மற்றொன்று பழைய கைமுறை. கண்ணாடிக் கட்டியைக் கம்பியால் துளைத்து, சுழற்றிச் சுழற்றிக் கூம்பின்மேல் விரித்து வட்டமாக்குவார்கள். அதில் ஒட்டு கிடையாது, தடிமன் ஒரே சீராக இராது, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். உள் விட்டத்தை இரு ஓரங்களிலும் அளந்தால் ஒரு பக்கம் சற்றே அகன்றிருக்கும், ஏனென்றால் அது கூம்பில் உட்கார்ந்து பிறந்தது. நான் முதலில் தனியே எடுத்து வைப்பது இந்த வகையைத்தான்.

இதற்குப் பிறகுதான் நிறம். அதனால் சொல்ல முடிவது ஒன்றே ஒன்று: இன்ன ஆண்டுக்கு முன் இது இருந்திருக்க முடியாது என்பது. எலுமிச்சை மஞ்சளும் மஞ்சள் கலந்த பச்சையுமான சில கண்ணாடிகளில் யுரேனியம் சேர்ந்திருக்கும். அவை 1830களில் போஹீமியாவில் பெயர் பெற்றன. கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் அவை பளிச்சென்ற பச்சையாக ஒளிரும். மங்கலான பச்சை மட்டும் தெரிந்தால் அது மாங்கனீசாகவும் இருக்கலாம். அலைநீளம் 395 என்று போட்ட டார்ச்சில் யுரேனியம் நன்றாக ஒளிரும், மாங்கனீசு பெரும்பாலும் ஒளிராது. யுரேனியக் கண்ணாடியைக் கையில் அணிவதால் பயமில்லை. அரத்தால் தேய்க்கவோ பொடியாக்கவோ மட்டும் கூடாது. பளீரென்ற ஆரஞ்சும் தெளிந்த சிவப்பும் காட்மியம், செலினியம் சேர்ந்தவையாக இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் போகாது.

இறக்குமதியையும் நினைவில் வையுங்கள். முதல் உலகப் போருக்கு முன் ஆஸ்திரியப் பேரரசின் காப்லோன்ஸ் நகரிலிருந்து, இன்றைய செக் நாட்டின் யப்லோனெட்ஸிலிருந்து, இந்தியாவுக்குக் கண்ணாடி வளையல்கள் பெருமளவில் வந்தன. போர் அந்த வரத்தை நிறுத்தியபோது ஜப்பான் இடத்தைப் பிடித்தது. ஆகவே "இந்திய வளையல்" என்று வீட்டில் சொல்லப்படுவது இந்தியாவில் செய்ததாகவே இருக்க வேண்டியதில்லை. டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும் தாள் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் செக்கோஸ்லோவாக்கியா என்று அச்சாகியிருந்தால், அந்த நாடு 1918இல் பிறந்தது என்பதே உங்களுக்கு ஒரு கணக்கு.

தேய்மானத்தைப் பற்றி ஒரு வளையலைக் கொண்டே சொல்கிறேன். சுங்கை ரோட்டுச் சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் அங்கே ஒரு ஜோடிப் பச்சை வளையல் வாங்கினேன். விற்றவர் முகலாயர் காலம் என்றார். உள் விட்டம் 57 மில்லிமீட்டர், அதாவது இன்றும் நம் கடைகளில் கேட்கும் 2-4 அளவு: இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கும், இரண்டேகால் அங்குலம். உள்ளே ஒரு சாய்வான ஒட்டுக் கோடு இருந்தது. பட்டைகள் அந்தக் கோட்டின் மேல் தடையின்றித் தொடர்ந்தன. ஆகவே ஒட்டிய பிறகுதான் சக்கரத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள். முனைகள் கூர்மையாக இருந்ததால் அச்சு இல்லை. டார்ச்சில் இரண்டும் பளிச்சென்று ஒளிர்ந்தன, அதாவது யுரேனியம். முகலாயர் காலம் அந்த நொடியே முடிந்துபோனது.

பிறகு தேய்மானம். ஒரு கையில் பல வளையல்களாக அணியும்போது அவை பக்கவாட்டில்தான் ஒன்றோடொன்று உராய்கின்றன. என் ஜோடியில் இரு பக்க விளிம்புகளும் மங்கி, அங்கே எல்லாத் திசையிலும் நுண்ணிய கீறல்கள் இருந்தன. உள்பக்கம் தோலில் பட்டு வழவழப்பாக இருந்தது. பட்டைகளின் பள்ளங்களில் பொன்பூச்சு மிச்சமிருந்தது, மேடுகளில் போயிருந்தது. இதுதான் நேர்மையான தேய்மானம். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும், கை படாத பள்ளமும் மங்கியிருக்கும். இவற்றைச் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1930களுக்கும் இடையில் என்று குறித்து வைத்தேன். போஹீமியா என்று எழுதவில்லை. சக்கரப் பட்டை ஃபிரோசாபாத்திலும் போடப்படுகிறது.

தேய்மானம் பயன்பாட்டைத்தான் சொல்லும், வயதை அல்ல. தினம் அணிந்த வளையல் ஐந்தே ஆண்டில் மங்கிவிடும். பெட்டியில் பத்திரப்படுத்திய வளையல் அறுபது ஆண்டுக்குப் பிறகும் புதிதுபோல் இருக்கும். கீறலே இல்லாத வளையல்களைப் புதியவை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அரக்கு வளையல்கள் தனிப் பேச்சு. அரக்கைக் கனலில் இளக்கி, பொடி சேர்த்துப் பிசைந்து, கோலில் உருட்டி, மேலே நிற அரக்கைப் பூசி, நீட்டி வெட்டி, இரு முனைகளையும் சூட்டில் அழுத்தி வளையமாக்குகிறார்கள். ஜெய்ப்பூரும் ஹைதராபாத்தின் லாட் பஜாரும் இதற்குப் பேர்போனவை. ஒட்டு உள்பக்கத்தில் சாய்வான மடிப்பாகத் தெரியும். வெளியே பெரும்பாலும் ஒரு கல்லோ கண்ணாடித் துண்டோ அதை மறைக்கும். உடைந்த முனையில் உள்ளே பழுப்பு அரக்கு தெரிகிறதா, உலோக வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். உலோக வளையத்தின்மேல் அரக்கு பொதிவது இன்றைய சந்தையில் மிகச் சாதாரணம். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பதித்த கண்ணாடித் துண்டுகள் சற்றே வளைந்திருந்தால் ஊதிச் செய்த கண்ணாடிக் குமிழிலிருந்து வெட்டியவை, நல்ல அறிகுறி. அந்தத் துண்டுகள் ஊசி முனையால் கீறும் அளவுக்கு மென்மையாக இருந்தால் பிளாஸ்டிக். பழைய அரக்கு இறுகி நொறுங்கும் தன்மை பெற்று, மேலே வலைபோல் வெடித்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிருமிநாசினி தடவிய கையால் அரக்கு வளையலைத் தொடாதீர்கள். அதிலுள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். தெரிந்த ஒரு குடும்பத்தில் கை சுத்திகரிப்பு நீரால் துடைத்து, ஒரு சிவப்பு வளையலின் பூ வேலையே துணியோடு வந்துவிட்டது. வெயிலில் நிறுத்திய காரிலும் வைக்க வேண்டாம், கண்ணாடி வளையல்களின் பாரத்துக்கு அடியிலும் வைக்க வேண்டாம், இளகி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் பிசுபிசுப்போ நுண்ணிய வெடிப்புகளோ தெரிந்தால் அது நம் ஊர் ஈரக்காற்றின் வேலை. கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியில் ஈரப்பதத்தை 40 முதல் 45 சதவீதத்துக்கு வைத்து அந்த வளையல்களை மட்டும் போடுங்கள்.

சேகரிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்? ஒற்றை வளையலைவிட ஒரே அளவு, ஒரே நிறத்தில் முழு டஜனை. கட்டிய நூலோடும் தாளோடும் இருந்தால் இன்னும் மேல். யாருடையது, எப்போது, எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விவரமும் வேண்டும். உங்கள் பாட்டி வளையல் அணிந்திருக்கும் புகைப்படம் ஏதாவது கிடைத்தால் டப்பாவோடு வையுங்கள். அப்படிப்பட்ட தொகுப்பைக் கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடம் காட்டுவது, முகம் தெரியாதவரிடம் விற்பதைவிட எனக்கு உகந்ததாகப் படுகிறது. ஒருவேளை வாங்கும் ஆர்வமும் பிறந்து, இந்தியாவில் மண்ணிலிருந்து எடுத்தது என்று யாராவது நீட்டினால் விலகி வாருங்கள். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை.

உங்கள் டப்பாவைக் கேட்டவர் மீண்டும் வந்தால், பத்தொன்பது வளையல்களுக்கும் தனித்தனியே விலை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த வளையலுக்கு எதிரே அவர் பேனா தயங்குகிறது என்று பார்த்து, அதை மறுபடியும் லென்ஸுக்கு அடியில் வையுங்கள்.