ஒரு முடிவுக்கு மூன்று வாக்கியங்கள்

அன்புள்ள ஐயா,

உரிமையியல் நீதிபதியாகத் தேர்வாகிப் பயிற்சியில் இருக்கிறேன். மாதிரித் தீர்ப்புகள் எழுதித் தரச் சொல்கிறார்கள். என்னுடையதை வாசித்த பயிற்றுநர், "எல்லாம் இருக்கிறது, ஓட்டம்தான் இல்லை" என்றார். ஒரு பத்தி எவ்வளவு நீளம் போகலாம்? ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படி நகர்வது? தமிழிலா ஆங்கிலத்திலா என்ற தயக்கமும் இருக்கிறது. நடுவே குறள் மேற்கோள் காட்டலாமா? கற்பனையான பாகப்பிரிவினை வழக்கு ஒன்றுக்கு நான் எழுதிய தீர்ப்பின் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

குறள் வேண்டாம். மொழியைப் பற்றிய தயக்கமும் வேண்டாம். வழக்காடி வந்தவர் எதை வாசிப்பாரோ அதில் எழுதுங்கள்.

உங்கள் பக்கங்களை இரண்டு முறை வாசித்தேன். உழைத்திருக்கிறீர்கள், சாட்சியத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறீர்கள். அதனால்தான் கோபம் வந்தது. தந்தை எழுதியதாக 1-ம் பிரதிவாதி காட்டும் உயிலைப் பற்றி 14-ம் பத்தியில் "சட்டப்படி நிரூபிக்கப்படவில்லை" என்கிறீர்கள். 19-ம் பத்தியில் அதுவே "நம்பத்தகுந்ததாக இல்லை" என்று ஆகிறது. 23-ல் "போலியாகத் தயாரிக்கப்பட்ட உயிலின் அடிப்படையில் 1-ம் பிரதிவாதி உரிமை கோர முடியாது" என்று முடிக்கிறீர்கள். ஒரே முடிவைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னேன் என்பீர்கள். நீங்கள் சொல்லியிருப்பது மூன்று முடிவுகள்.

நிரூபிக்கப்படவில்லை என்றால், உயிலை முன்வைத்தவர் தன் சுமையை இறக்கவில்லை என்று பொருள். உங்கள் கற்பனை வழக்கில் உயிலில் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவரைக்கூட அவர் கூண்டில் ஏற்றவில்லை. இருவரும் உயிரோடு ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த ஒரு காரணமே போதும், வழக்கு அங்கே முடிந்தது. நம்பத்தகுந்ததாக இல்லை என்பது வேறு. உயில் எழுதப்பட்ட சூழலில் ஐயம் இருக்கிறது, அதை அவர் விலக்கவில்லை என்று அதற்குப் பொருள். என்ன ஐயம் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். போலி என்பதோ, ஒரு மனிதர் இறந்துபோன தகப்பனின் கையெழுத்தைத் திருடினார் என்று நீதிமன்றமே கண்டறிந்து சொல்வது. அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். கையெழுத்து நிபுணரின் அறிக்கை உங்கள் கட்டில் இல்லை. வாதிகூட உயிலை மறுத்தாரே தவிர, யார் எப்போது போலி செய்தார் என்று சொல்லவில்லை.

மேல்முறையீட்டு வழக்கறிஞர் 14-ம் பத்தியைத் தொடவே மாட்டார். 23-ஐப் பிடித்துக்கொள்வார். ஆதாரமே இல்லாமல் என் கட்சிக்காரரை மோசடிக்காரர் என்று எழுதியிருக்கிறார்கள் என்று தொடங்கி, வலுவாக நின்ற 14-ஐயும் சேர்த்துச் சாய்த்துவிடுவார்.

இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே, மாற்றி எழுது என்று பள்ளியில் நம் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் எழுதினார்கள். கதைக்கு அது சரியாக இருக்கலாம். தீர்ப்பில் அது கேடு. கூறியது கூறலையும் மாறுகொளக் கூறலையும் பழைய இலக்கணக்காரர்கள் குற்றங்களாக அடுத்தடுத்து வைத்தார்கள். உங்கள் 23-ம் பத்தியில் முதலாவது இரண்டாவதாக மாறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஒரு முடிவு ஒரே இடத்தில், ஒரே சொற்களில் இருக்கட்டும். மறுபடி தேவைப்பட்டால் "பத்தி 14-ல் கண்டபடி" என்று சுட்டிவிட்டு நகருங்கள். பத்திகளுக்கு எண் போடுவது இதற்காகத்தான். இமாச்சல உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று புரியவே இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியபோது, பாரத ஸ்டேட் வங்கி எதிர் அஜய் குமார் சூத் வழக்கில், பத்திகளுக்கு எண் இடுவதையும் வலியுறுத்தியது.

திருத்தும்போது இப்படிச் செய்யுங்கள். வரைவை அச்செடுத்து, முடிவு சொல்லும் வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: "நிரூபிக்கப்பட்டுள்ளது", "ஏற்கத்தக்கதல்ல", "என இந்நீதிமன்றம் முடிவு செய்கிறது" என்று முடிகிறவை. அவற்றை வேறொரு தாளில், எந்த வழக்கெழு வினாவுக்கு உரியதோ அதன் நேரே எழுதுங்கள். ஒரு வினாவுக்கு நேரே இரண்டு வாக்கியங்கள் நின்றால், சாட்சியத்தை அலசிய இடத்தில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். எதுவுமே எழுதப்படாத வினா இருந்தால், விடை சொல்லாமலே வழக்கை முடித்திருக்கிறீர்கள். கூடுதல் வழக்கெழு வினா பின்னால் வனையப்பட்டிருந்தால் அதற்கும் பெரும்பாலும் 1 என்றே எண் இருக்கும். "வினா 1" என்று மொட்டையாக எழுதினால் எது என்று தெரியாது.

உங்கள் வரைவு நீண்டதற்குக் காரணம் வேறு. வழக்குரையின் சுருக்கத்தை எழுதுகிறீர்கள். வாதியின் நிரூபண வாக்குமூலம் அதே வழக்குரையின் நகல், அதையும் எழுதுகிறீர்கள். பிறகு வழக்கறிஞரின் வாதம், மறுபடி அதே கதை. சாட்சியப் பகுதியில் குறுக்கு விசாரணையில் புதிதாக வந்ததை மட்டும் வையுங்கள். உங்கள் பயிற்றுநர் சொன்ன ஓட்டம் பாதி அப்போதே வந்துவிடும்.

இன்னொரு இடம் என்னைப் பயமுறுத்தியது. "வாதி தரப்பில், தந்தை கடைசி நாட்களில் நினைவின்றி இருந்தார் என்றும், அப்போது 1-ம் பிரதிவாதி மட்டுமே உடனிருந்தார் என்றும் வாதிடப்பட்டது. தாயாரைக்கூட அருகில் விடவில்லை. மருத்துவமனைக் கட்டணமும் வாதியே செலுத்தினார்." முதல் வாக்கியம் வழக்கறிஞர் சொன்னது. அடுத்த இரண்டும் யார் சொன்னவை? "என்று" உதிர்ந்த நொடியில் ஒரு தரப்பின் வாதம் நீதிமன்றத்தின் முடிவாகிவிட்டது. நம் மொழியில் சொன்னவர் யார் என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் கட்டப்படுகிறது. முடிச்சு அவிழ்ந்தால் தெரிவதில்லை. ஒரு பத்தியில் ஒரே குரல் பேசட்டும். வாதி சொல்வது ஒரு பத்தி, ஆவணம் காட்டுவது ஒரு பத்தி, நீங்கள் காண்பது ஒரு பத்தி. பத்திகளின் ஓரத்தில் பென்சிலால் "வா", "ஆ", "நீ" என்று குறித்துப் பாருங்கள். ஒரே பத்திக்கு இரண்டு எழுத்து விழுந்தால் அதை வெட்டுங்கள்.

பெயர் குறிப்பிடுவதற்கு வருகிறேன். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தீர்ப்புகளை உரக்க வாசித்துக் காட்டும் வேலை பார்த்தவன். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, காது கூர்மை. "மனுதாரர்" என்ற சொல் வந்தாலே கையை உயர்த்தி நிறுத்துவார். "எந்த மனுதாரர்டா?" என்பார். அசல் வழக்கில் வாதியும் பிரதிவாதியும்தான் உண்டு. மனுதாரர் என்பவர் இடைக்கால மனுவின் உத்தரவிலிருந்து ஒட்டப்பட்ட பத்தியோடு உள்ளே வந்தவர். அந்த மனுவைப் போட்டது பிரதிவாதி என்றால், வாசிப்பவர் வாதி என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆள் உண்மையில் எதிராளி. உங்கள் 17-ம் பத்தியில் அப்படி ஒரு மனுதாரர் இருக்கிறார்.

அந்த அலுவலகத்துக்கு ஓர் அம்மா வருவார். தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் பங்கு கேட்டு அண்ணன்மேல் வழக்குப் போட்டவர். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, மகன், மகள் மூவரும் வாரிசுகள், ஆளுக்கு 1/3. அதைத்தான் வழக்குரையில் கேட்டிருந்தார். வழக்கு நடக்கும்போதே தாயும் உயில் இல்லாமல் இறந்தார். அவருடைய 1/3 பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதியாகி, ஆளுக்கு 1/6 கூடியது. 1/3-ம் 1/6-ம் சேர்ந்தால் 1/2. தீர்ப்பின் நடுப்பகுதியில் நீதிபதி இதைச் சரியாகக் கணக்கிட்டு, வாதிக்கு 1/2 பங்கு என்றே எழுதியிருந்தார். இறுதிப் பத்தியிலோ, "வழக்குரையில் கோரியபடி முதல்நிலைத் தீர்ப்பாணை பிறப்பிக்கப்படுகிறது" என்ற வழக்கமான வரி. வழக்குரை திருத்தப்படவே இல்லை, கோரிக்கை 1/3-ஆகவே இருந்தது. இறுதிப் பத்தியைப் பார்த்துத் தீர்ப்பாணை தயாரித்தவர் 1/3 என்று எழுதிவிட்டார்.

கையெழுத்திட்டபின் தீர்ப்பைத் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ம் கட்டளை 3-ம் விதி அப்படிச் சொல்கிறது. எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தற்செயலாக நேர்ந்த தவறு அல்லது விடுபடல் ஆகியவற்றுக்கு மட்டும் 152-ம் பிரிவு இருக்கிறது, இல்லையென்றால் சீராய்வு. 152-ல் மனுப் போட்டார்கள். இது எழுத்துப் பிழையே இல்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் எதிர்த்தார். மனு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்பார்: "தம்பி, எனக்குப் பாதியா, மூணுல ஒண்ணா? நான் ஜெயிச்சேனா இல்லையா?" ஜெயித்தவர்தான். "கோரியபடி" என்ற ஒரு சொல் அவரை நிறுத்திவைத்திருந்தது. அதை உங்கள் வரைவின் கடைசிப் பக்கத்தில் பார்த்தபோதுதான் இந்தப் பதிலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நீங்களும் "கோரியபடி" என்றே முடித்திருக்கிறீர்கள்.

கணினியில் திருத்துவதில் ஓர் எச்சரிக்கை. வழக்கின் இடையில் வாதி இறந்து வாரிசுகள் சேர்க்கப்பட்டால், "வாதி" என்பதை ஒரே சொடுக்கில் "வாதிகள்" ஆக்கத் தோன்றும். செய்யாதீர்கள். "பிரதிவாதி"க்குள்ளும் "வாதிடப்பட்டது" என்பதற்குள்ளும் "வாதி" இருக்கிறது. வாதி தானே செய்த காரியமும், அவர் கையெழுத்திட்ட பத்திரமும் வாரிசுகள் தலையில் ஏறிவிடும். சாட்சி சொன்னதாக மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லும் மாறிவிடும். அது சாட்சியத்தைத் திருத்துவதாகும். ஒவ்வொரு இடத்தையும் நிறுத்திப் பார்த்து மாற்றுங்கள். அப்போதே "மேற்படி" என்ற சொல்லையும் தேடுங்கள். மேற்படி நபர், மேற்படி சொத்து, மேற்படி ஆவணம் என்று உங்கள் ஒரே பக்கத்தில் எத்தனை! இரண்டு சொத்துகள் உள்ள வழக்கில் மேற்படி சொத்து எது? "அட்டவணை 2-ல் கண்ட வீடு" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, இறுதிப் பத்தியை மட்டும் தனித்தாளில் எடுத்துக்கொண்டு, மற்ற பக்கங்களை மூடிவிட்டு, நீங்களே தீர்ப்பாணையை எழுதிப் பாருங்கள். யாருக்கு, எந்தச் சொத்தில், என்ன பங்கு, யாருக்கு எதிராக, செலவுத்தொகை யார் தர வேண்டும். எழுதும்போது ஓர் இடத்திலாவது பழைய பக்கத்தைப் புரட்டக் கை போனால், அந்தத் தகவல் இறுதிப் பத்தியில் இல்லை. அதைச் சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

பத்தியின் நீளம் கேட்டிருந்தீர்கள். ஒரு குரல், ஒரு விஷயம் முடியும்வரை. திருத்திய வரைவை அனுப்புங்கள், வாசிக்கிறேன்.