கதவில ஒட்டின பட்டியலைப் பாரும்

"அண்ணை, வேகமா ஓடினதெண்டு பொலிஸ் டிக்கெட் தந்திட்டான். ஸ்காபரோவில முதல்தரம் கோர்ட்டுக்குப் போறன். என்ன உடுப்புப் போடுறது, நீதிபதியை எப்பிடிக் கூப்பிடுறது, எவ்வளவு நேரம் நிக்கோணும்?"

தம்பி, கோட்டும் டையும் தேவையில்லை. தோய்ச்ச சேட் காணும். தொப்பியைக் கழட்டும், போனை நிப்பாட்டும். பச்சைப் பட்டி போட்டு இருக்கிறவர் ஜஸ்டிஸ் ஒஃப் த பீஸ், அவரை 'யுவர் வேர்ஷிப்' எண்டோணும். வாயில வராட்டி 'சேர்', 'மேடம்' எண்டாலும் கோவிக்கமாட்டினம். அவர் உள்ள வரேக்க எழும்பும், உம்மோட கதைக்கேக்கயும் எழும்பி நிண்டு கதையும்.

நிக்கிற விசயம்தான் பெரிசு. நோட்டீசில இருக்கிற நேரம் உமக்கு மட்டுமில்லை, அந்த நேரத்துக்குப் போட்ட எல்லாருக்கும். அரை மணித்தியாலம் முந்திப் போய் கதவில ஒட்டின பட்டியலைப் பாரும். உம்மட பேரைத் தேடாதையும், அப்பாவின்ர பேரைத் தேடும். இஞ்ச அதுதானே குடும்பப் பேர். உம்மட வழக்கின்ர இலக்கத்தைக் குறிச்சுக்கொண்டு உள்ள போனா, முன் மேசையில அரச தரப்பு வழக்குரைஞர் நிப்பார். வரிசையில நிண்டு 'நான் வந்திட்டன்' எண்டு அவரிட்ட சொல்லும். குற்றத்தை ஒத்துக்கொண்டா வேகத்தை 15 கிலோமீற்றர் மட்டும் கூடவெண்டு குறைக்கிறன் எண்டு அங்கதான் கேப்பினம். அதுக்கு லைசென்சில டீமெரிட் புள்ளி ஏறாது. விருப்பமில்லாட்டி வேண்டாமெண்டு சொல்லலாம்.

93இல நான் இதொண்டும் தெரியாமப் போனனான். பட்டியலில என்ர பேரைக் காணேல்லை. பிழைச்சுப்போட்டுதாக்கும் எண்டு வெளி வாங்கில குந்தியிருந்து கோப்பி குடிச்சன். ஆரோ 'பட்டா... பட்டாசு' எண்டு மூண்டுதரம் கூப்பிட்டது காதில விழுந்தது. சிரிச்சுக்கொண்டிருந்தன். பத்மநாதன் எண்ட என்ர அப்பாவைத்தான் அவள் அப்பிடிக் கூப்பிட்டவள்! ஆள் வரேல்லையெண்டு தீர்ப்பு எழுதிப்போட்டினம். தண்டக்காசும் மூண்டு புள்ளியும் தபாலில வந்தது. தீர்ப்புத் தெரிஞ்சு 15 நாளுக்குள்ள, என்னில பிழையில்லையெண்டு சத்தியக்கடதாசி குடுத்து வழக்கைத் திரும்பத் திறப்பிக்கக் கேக்கலாமாம். அதுவும் பிறகுதான் தெரியும். கோப்பி குடிச்சதை என்னெண்டு எழுதுறது!

'போகாட்டி பொலிசும் வராது, வழக்குத் தானா விழும்' எண்டு எங்கட ஆக்கள் கலியாண வீடுகளில சொல்லுவினம். கேளாதையும். அப்பிடிச் சொன்ன ஒருத்தரை நம்பித்தான் நானும் அண்டைக்கு ஆறுதலா இருந்தனான். இங்கிலீஸ் தடுமாறினா மருமோனைக் கூட்டிக்கொண்டு போகாதையும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு முன்னமே எழுதிக் கேட்டா காசில்லாம வருவினம்.

கொஞ்சக் காலத்தால வேற டிக்கெட்டுக்குப் போனன். அண்டைக்குக் கலியாணக் கோட்டும் சூட்டும். ஒரு பாட்டி என்னை லோயரெண்டு நினைச்சுத் தன்ர கடதாசியை நீட்டினா. பட்டியலில அவவின்ர பேரைத் தேடிக் குடுத்துப்போட்டு, பக்கத்திலேயே இருந்து ரெண்டு பேருக்குமாக் காதைக் குடுத்துக்கொண்டிருந்தன்.