ஒரே கேள்வியைப் பல விதமாக மாற்றித் தேடும்போது

"அலுவலக விதிமுறைச் சாட்பாட்டில் 'பிரசவ லீவ் எத்தனை நாள்?' என்று கேட்டால் சரியான பக்கம் வருவதில்லை. கேள்வியை ஐந்து விதமாக மாற்றித் தேட வைத்தேன். இப்போது சம்பந்தமில்லாதவையும் வருகின்றன. என்ன செய்வது?"

வணக்கம். உங்கள் ஆவணத்தில் 'மகப்பேறு விடுப்பு' என்றுதான் இருக்கும் என்று கருதுகிறேன். ஆகவே மாற்று வடிவங்கள் பேச்சுச் சொல்லை ஆவணச் சொல்லாக மாற்ற வேண்டுமே தவிர, பொருளை மாற்றக் கூடாது. 'பிரசவச் செலவுக்குக் காப்பீடு உண்டா?' என்பது மாற்று வடிவமன்று, வேறு கேள்வி. மூன்று வடிவங்களே பெரும்பாலும் போதும். மூலக் கேள்வியையும் அவற்றோடு சேர்த்தே தேடுங்கள்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் கிடைக்கும் பத்திப் பட்டியல்களை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொரு பத்திக்கும் அது இடம்பெற்ற பட்டியல்தோறும் பின்வரும் மதிப்பைக் கூட்டி வரிசைப்படுத்துங்கள்:

```
1 / (60 + rank)
```

ஒரே ஒரு பட்டியலில் மட்டும் முதலிடம் பெற்ற காப்பீட்டுப் பத்திக்கு 1/61, அதாவது ஏறத்தாழ 0.016 கிடைக்கும், இரண்டு பட்டியல்களில் மூன்றாமிடம் பெற்ற விடுப்புப் பத்தியோ 2/63, அதாவது 0.032 பெற்று முந்திவிடும்.

எந்த வடிவம் எந்தப் பத்தியைக் கொண்டுவந்தது என்பதைப் பதிவு செய்து வந்தால், தடம் மாறும் வடிவம் தானே வெளிப்படும். விடை எழுதும் மாடலுக்கு மூலக் கேள்வியை மட்டுமே கொடுங்கள் (நான் இதில்தான் முதலில் சறுக்கினேன்). சரியான பக்கம் எந்தப் பட்டியலிலுமே வரவில்லையென்றால், கோளாறு கேள்வியில் இல்லாமலும் இருக்கலாம். தேடலுக்காக ஆவணத்தைத் துண்டாக்கிய விதத்தையும் பாருங்கள்.